கை நீண்டது, பந்து வழி தவறியது

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டருக்கு, என் மகனுக்கு 13 வயது 8 மாதம். ஒன்பது வயதிலிருந்து கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். வலக்கை வேகப்பந்து வீச்சாளன். போன வருடம் நன்றாக வீசினான். இந்த வருடம் எல்லாம் தலைகீழ். ஓவருக்கு இரண்டு நோ-பால், இல்லாவிட்டால் ஃபுல் டாஸ். வீட்டிலும் மாடிப்படியில் தடுக்குகிறான். தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடாத நாள் இல்லை. போன ஜூனில் 152 செ.மீ. இருந்தவன் இந்த ஜூனில் 161. ஷூ அளவு 5லிருந்து 7 ஆகிவிட்டது. செல்போனால் கவனம் போய்விட்டது என்கிறார் என் கணவர். பயிற்சியாளர் தினமும் கூடுதலாக நூறு பந்து வீசச் சொல்கிறார். பையனோ, "என் கை என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது அம்மா" என்று அழுகிறான். ஏதாவது நரம்புக் கோளாறாக இருக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்த நூறு பந்தை நிறுத்துங்கள். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். ஆனால் நிறுத்துவதை இன்றே செய்துவிடுங்கள், படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் பயத்துக்குப் பதில். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது நரம்புக் கோளாறு போலத் தெரியவில்லை. எந்த அடையாளங்கள் இருந்தால் அப்படிச் சந்தேகிக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நடந்த விவாதத்தில் விஷயத்தைச் சரியாகச் சொன்னவன் பையன்தான். அவன் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை, உண்மை. காரணம், அவன் பேசுவது போன வருடத்துக் கையோடு.

முருங்கை மரத்தில் துறட்டியால் காய் பறித்திருக்கிறீர்களா? வருடக்கணக்காக ஒரே துறட்டியைப் பிடித்த கைக்கு, எவ்வளவு தூக்கினால் கொக்கி காம்பில் விழும் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். ஒரு நாள் அதைவிட ஒரு முழம் நீளமான மூங்கிலைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? கொக்கி காம்பைத் தாண்டிப் போய் இலையைக் கிழிக்கும். திருப்ப நினைத்தால் முனை தாமதமாக வரும். வந்தது நிற்காமல் அந்தப் பக்கம் போய்விடும். பறிப்பவருக்குத் திறமை குறைந்துவிட்டதா? இல்லை, கோல் மாறிவிட்டது. உங்கள் மகனுக்கு நான்கு கோல்களும் ஒரே வருடத்தில் மாறியிருக்கின்றன. போதாக்குறைக்கு, பழகி முடிப்பதற்குள் அவை மீண்டும் நீள்கின்றன.

பையன்களுக்கு இந்த வளர்ச்சியின் உச்சம் பெரும்பாலும் பதின்மூன்றரை, பதினான்கு வயதை ஒட்டி வரும். பெண் குழந்தைகளுக்கு அதைவிட இரண்டு வருடம் முன்பே வந்துவிடும். அதற்கு முன் வருடத்துக்கு 5 அல்லது 6 செ.மீ. வளர்ந்தவன் அந்த உச்சத்தில் 9, 10 செ.மீ. வளர்வான். உங்கள் மகனின் 9 செ.மீ. அதற்குள் அடங்குகிறது, இதில் விபரீதம் ஏதும் இல்லை. ஆனால் உடம்பு முழுவதும் ஒரே சீராக வளர்வதில்லை என்பதுதான் சங்கடம். முதலில் பாதம், பிறகு கால், கடைசியில்தான் முதுகும் நெஞ்சும். பள்ளிச் சீருடையைக் கவனித்த எந்தத் தாய்க்கும் இது தெரிந்திருக்கும். முதலில் பேண்ட் கணுக்காலுக்கு மேல் ஏறும், சட்டை இன்னும் சரியாகவே இருக்கும். சட்டை பிடிக்க ஆரம்பிப்பது பல மாதம் கழித்துத்தான். உங்கள் வீட்டில் இப்போது பேண்ட் கட்டமா, சட்டைக் கட்டமா என்று பாருங்கள். சட்டை இன்னும் தாராளமாக இருந்தால் வளர்ச்சி பாக்கி இருக்கிறது.

எலும்பு முன்னால் ஓடுகிறது, தசை பின்னால் வருகிறது. உயரம் வேகமாக ஏறிய பிறகே எடை ஏறும். தசையின் பலம் ஏறுவது அதற்கும் பிறகு, உயர உச்சத்திலிருந்து பெரும்பாலும் அரை வருடம் முதல் ஒரு வருடம் தள்ளி. இடைப்பட்ட அந்த மாதங்களில்தான் பையன் நெட்டைக் கொக்கு போல நடமாடுகிறான்: நீண்ட கோல், பழைய மோட்டார்.

அந்த மோட்டாருக்கு எவ்வளவு கூடுதல் வேலை வந்திருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன், ஏனென்றால் எண்ணைப் பார்த்த பிறகுதான் பல அப்பாக்கள் செல்போன் பேச்சை விடுகிறார்கள். உயரம் 9 செ.மீ. கூடிய பையனுக்கு ஒவ்வொரு கையும் ஏறக்குறைய 4 செ.மீ. நீண்டிருக்கும். தோளிலிருந்து விரல் நுனி வரை 66 செ.மீ. இருந்தது 70 ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஆறு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு கோலைச் சுழற்றும்போது அதன் எடை மட்டும் கணக்கில் வராது. அந்த எடை பிடியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் வரும், அதுவும் ஒரு முறை அல்ல, இரண்டு முறை பெருக்கப்பட்டு வரும். சுத்தியலைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டுவதற்கும் கைப்பிடியின் கடைசியில் பிடித்து ஆட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஆக நீளத்தில் 6 சதவீதம் கூடினால், எடையும் அதே அளவு மட்டும் கூடியிருந்தால்கூட, சுழற்றுவதற்கான தடை ஏறக்குறைய 19 சதவீதம் கூடிவிடுகிறது. கை அதே விகிதத்தில் தடித்தும் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடும். தோளின் தசையோ எலும்பில் மூட்டுக்கு மிக அருகில் பற்றியிருக்கிறது. அந்தச் சிறிய பிடியை வைத்துத்தான் இந்த நீண்ட கோலைச் சுழற்ற வேண்டும், போன வருடத்துப் பலத்தோடு.

இப்போது மைதானத்துக்கு வருவோம். நோ-பால், ஃபுல் டாஸ் என்ற இரண்டு குற்றச்சாட்டுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது.

நோ-பால் காலின் கதை. உங்கள் மகனின் ரன்-அப் எத்தனை எட்டு என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் வேகப்பந்து வீசுபவர்கள் பலர் பன்னிரண்டு முதல் பதினாறு எட்டு ஓடுவார்கள்; பதினான்கு என்று வைத்துக்கொள்கிறேன். கால் நீண்டதால் ஓடும்போது ஒவ்வொரு எட்டும் சராசரியாக 5 செ.மீ. நீண்டால், பதினான்கு எட்டில் 70 செ.மீ., அதாவது இரண்டடிக்கு மேல். போன வருடம் டேப் வைத்து அளந்து குறித்துக் கொடுத்த இடத்திலிருந்தே அவன் இன்னும் ஓடிவருகிறான் என்றால், அவன் கால் கோட்டைத் தாண்டி விழுவதில் ஆச்சரியம் என்ன? அதைத் தவிர்க்க, கடைசி மூன்று எட்டைக் குறுக்கிக் குட்டிக் குட்டியாக வைப்பான். அப்படிக் குறுக்கினால் ஓடிவந்த வேகம் அங்கேயே செத்துவிடும். தாவும்போது உடம்பு முன்னால் சாயும். பந்து எங்கோ போகும். பார்ப்பவர்கள் "ஆக்‌ஷன் போய்விட்டது" என்பார்கள். போனது ஆக்‌ஷன் இல்லை, குறி.

சில பையன்கள் டேப் இல்லாமல் தங்கள் நடையாலேயே எண்ணிக் குறி வைப்பார்கள். அவர்களுக்கு வேறு விதத்தில் தவறும். நடக்கும் எட்டு நீண்ட அளவுக்கு ஓடும் எட்டும் நீளும் என்று நிச்சயமில்லை, ஏனென்றால் ஓடுவதற்குப் பலமும் வேண்டும். அவர்கள் கோட்டுக்குப் பின்னாலேயே கால் வைத்து, எட்டாத இடத்தை எட்ட உடம்பை இழுப்பார்கள்.

ஃபுல் டாஸ் கையின் கதை. தோள் உயர்ந்ததும் கை நீண்டதும் சேர்ந்து, பந்து விரலை விட்டுப் பிரியும் இடம் போன வருடத்தைவிட ஏறக்குறைய 12 செ.மீ. மேலே போயிருக்கும். அதே வேகத்தில், அதே சாய்வில், எந்தத் தவறும் செய்யாமல் வீசினாலே பந்து தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய அரை மீட்டர் மட்டையாளர் பக்கம் தள்ளிப் போகும். மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. அரை மீட்டர் என்பது நல்ல லெங்த்துக்கும், மட்டையாளர் முன்காலை நீட்டி வெளுக்கும் பந்துக்கும் உள்ள தூரம். இதன் மேல் நேரப் பிசகும் சேர்கிறது. வீசும் கை தோளைச் சுற்றி வரும் வேகம் நொடிக்கு ஆயிரம் பாகையை ஒட்டி இருக்கும். ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு பிசகினால் கை பத்துப் பாகை வேறு இடத்தில் இருக்கிறது. கனமான கை சற்றே தாமதமாக மேலே வருகிறது. விரலோ பழைய நேரத்திலேயே பந்தை விட்டுவிடுகிறது. கை உச்சிக்கு வருமுன்பே விட்ட பந்து மட்டையாளரின் இடுப்புக்கோ தலைக்கோ போகும். அதைக் கண்டு பயந்து அடுத்த பந்தைப் பிடித்து வைத்து விடுவான். அது பாதி பிட்ச்சில் குத்தும். ஒரே ஓவரில் இரண்டும் நடந்தால் "கவனமில்லை" என்று தோன்றுவது இயல்புதான்.

அந்த நூறில் ஒரு பங்கை அவன் கவனித்துத் திருத்த முடியாதா? முடியாது, கவனம் எவ்வளவு இருந்தாலும் முடியாது. கை எங்கே இருக்கிறது என்ற செய்தி மூட்டிலிருந்தும் தசையிலிருந்தும் மூளைக்குப் போய், திருத்தம் திரும்பி வர ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகிவிடும். அதற்குள் பந்து கையை விட்டுப் போய்விட்டது. இவ்வளவு வேகமான அசைவுகளைச் சிறுமூளை முன்கூட்டிய மதிப்பீட்டில்தான் நடத்துகிறது: "இந்த நீளம், இந்த எடை, ஆகவே இவ்வளவு விசை, இந்த நொடியில் விடு." அந்த மதிப்பீடு ஆயிரக்கணக்கான பந்துகளில் பழகி எழுதப்பட்டது. கை நீண்டது ஒரு சில மாதங்களில். புதிய அளவுக்குப் பழைய மதிப்பீடு திருத்தி எழுதப்படும் வரை பிசகிக்கொண்டேதான் இருக்கும்.

மாடிப்படியும் டம்ளரும் இதே குடும்பம். நாம் நடக்கும்போது கால் விரல் நுனி தரைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் கடக்கிறது தெரியுமா? ஒன்று, ஒன்றரை செ.மீ. அளவுதான். உடம்பு அவ்வளவு சிக்கனமாக நடக்கிறது. ஷூவில் இரண்டு அளவு கூடினால் பாதம் ஏறக்குறைய 1.7 செ.மீ. நீண்டிருக்கிறது என்று பொருள். பழைய கணக்கில் தூக்கிய பாதம் படியின் விளிம்பைத் தட்டாமல் என்ன செய்யும்? டம்ளரை எடுக்க நீட்டிய கையும் அப்படித்தான். எண்ணிய இடத்துக்கு இரண்டு விரற்கடை அந்தப் பக்கம் போய் நிற்கிறது. இத்தாலியில் பதினைந்து வயதுப் பையன்களை வைத்து 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முந்தைய மூன்று மாதத்தில் 3 செ.மீ.க்கு மேல் வளர்ந்தவர்களையும் வளராதவர்களையும் நடக்கவிட்டு, உடலில் பொருத்திய உணர்கருவிகளால் அளந்தார்கள். வளர்ந்தவர்களின் நடையில் சீர் குறைந்திருந்தது. அத்தனை வருடம் பழகிய நடைக்கே இந்தக் கதி என்றால் பந்து வீச்சைச் சொல்ல வேண்டுமா?

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் பையன்களுக்கும் இது வருவதில்லை. பெல்ஜியத்தில் 1969 முதல் 1974 வரை பள்ளிப் பையன்களை வருடா வருடம் அளந்து தொடர்ந்த பெரிய ஆய்வில், வளர்ச்சி உச்சத்தின்போது ஆட்டத்திறன் சோதனைகளில் பின்னடைந்தவர்கள் ஒரு பகுதியினர்தான். மற்றவர்கள் முன்னேறிக்கொண்டே இருந்தார்கள். ஆகவே "வளர்கிறான், அதனால்தான்" என்று எதற்கெடுத்தாலும் சொல்லிவிடவும் கூடாது. அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்தில் அளவு கையிலேயே இருக்கிறது.

சரி, என்ன செய்வது?

ரன்-அப் குறியை மாற்றுவதுதான் முதல் வேலை. இதை ஓர் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். பந்து இல்லாமல், கிரீஸ் கோட்டில் பின்னங்கால் வைத்து நின்று, வழக்கமாக ஓடிவரும் திசைக்கு எதிர்த்திசையில் அவனை ஓடச் சொல்லுங்கள். தலை நிமிர்ந்திருக்க வேண்டும்; தரையையோ பழைய குறியையோ பார்க்கக் கூடாது. வழக்கமான எட்டு எண்ணிக்கை முடியும் இடத்தில் கால் எங்கே பதிகிறது என்று நீங்களோ அவன் நண்பனோ சுண்ணாம்புப் பொடியால் புள்ளி வையுங்கள். இப்படி ஆறு முறை. புள்ளிகள் ஓரிடத்தில் கொத்தாக விழும், ஒன்றிரண்டு விலகி நிற்கும். கொத்தின் நடுவை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். அதுதான் இந்த மாதத்துக் குறி. "இந்த மாதத்து" என்பதை அழுத்திச் சொல்கிறேன், அடுத்த மாதம் மறுபடி அளக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தால் நோ-பால் முக்கால்வாசி அடங்கிவிடுவதை நான் பல பையன்களிடம் பார்த்திருக்கிறேன்.

லெங்த்துக்கு, ஒரு பழைய துண்டை பிட்ச்சில் விரித்து இலக்காக வையுங்கள். வழக்கமாகப் பந்து விழ வேண்டிய இடத்திலிருந்து அரை மீட்டர் அவன் பக்கம் தள்ளி. அந்தத் துண்டின் மேல் போட அவன் கண் குறி வைத்தால் பந்து பழைய இடத்தில் போய் விழும். ஏமாற்று வேலை போல் இருக்கும், ஆனால் வேலை செய்யும். சில வாரத்தில் அவன் மணிக்கட்டே அந்தக் கூடுதல் சாய்வைக் கற்றுக்கொண்டுவிடும். துண்டை மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு நகர்த்துங்கள். இதை முழு வேகத்தில் செய்ய வேண்டியதில்லை. ஆறேழு எட்டு ஓடி, முக்கால் வேகத்தில் வீசினால் போதும். சிறுமூளைக்குத் தேவை புதிய கையின் அளவு. அதைத் தெரிந்துகொள்ள முழு வேகம் தேவையில்லை.

ஆக்‌ஷனை மாற்ற வேண்டாம். இதைப் பயிற்சியாளரிடம் பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். கை உயரத்தை மாற்று, தாவலை மாற்று, சுழல் வீசு என்று இப்போது எதைக் கற்றுக் கொடுத்தாலும் அது நகரும் வண்டியில் கோலம் போடுவதுதான். இன்றைய நீளத்துக்குப் பொருத்தமாகத் திருத்தியது ஆறு மாதம் கழித்துப் பொருந்தாது.

இனி அந்த நூறு பந்து. என் தொழிலின் தொடக்கத்தில் நானே செய்த தவறு ஒன்றைச் சொன்னால்தான் இது விளங்கும். இருபது வருடத்துக்கு முன் பதினான்கு வயது வலக்கை வீச்சாளன் ஒருவன் இதே குறையோடு வந்தான். பலம் போதவில்லை என்று நான் உடற்பயிற்சி கொடுத்தேன்; கூடவே, "நிறைய வீசு, பழகிவிடும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்னதை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஆறு வாரத்தில் இடுப்பின் இடப்பக்கத்தில் வலி என்று வந்தான். தசைப்பிடிப்பு என்று ஒத்தடம் சொன்னேன். அதுவும் தவறு. எம்ஆர்ஐ எடுத்தபோது கீழ்முதுகின் ஐந்தாவது எலும்பில், இடப்பக்க வளைவில் விரிசல். பந்தைத் தொடாமல் பல மாதம் உட்கார வேண்டியதாயிற்று.

வேகப்பந்து வீசும்போது முன்கால் தரையில் குத்தும் நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலே ஏறுகிறது. வயது வந்தவர்களிடம் அது ஐந்து மடங்குக்கு மேல்கூட அளக்கப்பட்டிருக்கிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. வலக்கை வீச்சாளனுக்கு அந்த நெரிசல் பெரும்பாலும் இடப்பக்க எலும்பு வளைவில் விழும். முதிர்ந்த எலும்பு அதைத் தாங்கும். நீண்டுகொண்டிருக்கும் எலும்பு, நீளத்துக்கு ஈடான உறுதியைப் பெறச் சில காலம் பிடிக்கும். தசையும் தாங்கித் தராத அந்தக் காலத்தில்தான் நாம் கூடுதலாக வீசச் சொல்கிறோம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 14, 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரு ஸ்பெல்லில் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர் என்று உச்சவரம்பு வைத்திருப்பது இதனால்தான். அது ஆட்ட நாளுக்கான உச்சவரம்பு. தினசரி நெட்டில் நூறு பந்து என்றால் பதினாறு ஓவருக்கு மேல் ஆகிறது! உங்கள் மகனுக்கு என் யோசனை: வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தாறு பந்து, அடுத்தடுத்த நாள் வேண்டாம். பந்தை எண்ணும் வேலையை அவனிடமே ஒரு நோட்டில் எழுதக் கொடுங்கள்.

மற்ற நாட்களில் சும்மா இருக்கச் சொல்லவில்லை. பேட்டிங் பழகட்டும், ஃபீல்டிங் பழகட்டும். ஒன்றை மட்டும் தவறாமல் செய்யட்டும்: நொண்டி. ஆமாம், நாம் தெருவில் விளையாடிய நொண்டிதான். ஒற்றைக் காலில் முன்னால் குதித்து, விழுந்த இடத்தில் ஆடாமல் மூன்று எண்ணும் வரை நிற்க வேண்டும். முழங்கால் உள்பக்கம் மடங்கக் கூடாது. பக்கவாட்டிலும் குதிக்கட்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை போதும். நீண்ட காலின் மேல் உயர்ந்துவிட்ட உடம்பை நிறுத்தும் வித்தையை இது நேராகக் கற்றுத் தருகிறது. பந்து வீசுபவனின் முன்காலும் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் தள்ளாடுவான். தள்ளாட்டம் வாரா வாரம் குறைகிறதா என்பதே உங்களுக்கு நல்ல அளவுகோல்.

உயர அளவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுங்கள். செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் பட, பார்வை நேராக, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாக வைத்துக் கோடு போட வேண்டும். எப்போதும் காலையிலேயே அளங்கள். முதுகுத் தட்டுகள் அமுங்குவதால் மாலைக்குள் நம் உயரம் ஏறக்குறைய ஒரு செ.மீ. குறைந்துவிடும், உங்கள் கணக்கே குழம்பிப்போகும். (பிரான்சில் மோன்பேயார் என்ற பிரபு 1759இல் பிறந்த தன் மகனை 1777 வரை இப்படி அரையாண்டுக்கு ஒரு முறை அளந்து எழுதி வைத்தார். வளரிளம் பருவத்துத் தாவலை அந்தப் பட்டியலில் இன்றும் பார்க்கலாம். அவர் கையில் இருந்ததும் நம்மிடம் இருப்பது போன்ற ஓர் அளவுகோல்தான்.) மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் ஏறினால் பந்து எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், குறியை மட்டும் மாற்றுங்கள்.

இனி நீங்கள் பயந்த விஷயம். வளர்ச்சியால் வரும் தடுமாற்றம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வேகமான, புதிய அசைவுகளில் அதிகம் தெரியும். சில மாதங்களில் தேயும். இதற்கு மாறானவைதான் கவலைக்குரியவை. ஒரு கையோ ஒரு காலோ மட்டும் பின்தங்குவது, கையெழுத்து மாதா மாதம் மோசமாவது, கை நடுக்கம், பேச்சு குழறுவது, காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, தரையிலிருந்து எழத் தொடையைப் பிடித்து ஏறுவது, உயரம் நின்ற பிறகும் தடுமாற்றம் கூடிக்கொண்டே போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். போன வருடத்து நோட்டையும் இந்த வருடத்து நோட்டையும் பக்கத்தில் வைத்துக் கையெழுத்தைப் பார்ப்பது செலவில்லாத, நல்ல சோதனை.

எலும்பு தொடர்பாக மூன்றை மனதில் வையுங்கள். கீழ்முதுகில் ஒரு பக்கமாக, பின்னால் வளையும்போது கூடும் வலி இரண்டு வாரம் நீடித்தால் வீச்சை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதை மட்டும் நம்பித் திரும்பிவிடாதீர்கள், தொடக்க விரிசல் அதில் பல நேரம் தெரியாது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு மேட்டிலோ குதிகாலிலோ வலி வந்தால், அது இழுபடும் தசைநார் வளரும் எலும்பை உறுத்துவதாக இருக்கலாம்; ஓய்வும் அளவான பயிற்சியும் போதும். ஆனால் விந்தி நடந்துகொண்டு முழங்கால் வலி என்று சொன்னால், பாதம் வெளிப்பக்கம் திரும்பியும் இருந்தால், அது இடுப்பு மூட்டின் பந்து நழுவுவதாக இருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். முழங்காலை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டு இடுப்பைத் தவறவிட்ட கதைகள் எங்கள் துறையில் உண்டு.

உங்கள் கணவரிடம் செல்போனை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தச் சொல்லுங்கள். போன வருடம் எடுத்த பந்துவீச்சு வீடியோ வீட்டில் ஏதாவது இருக்கும். அதே பக்கத்திலிருந்து, இப்போது வீசுவதையும் மெதுவோட்டத்தில் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடட்டும். கடைசி மூன்று எட்டையும், முன்கால் பதியும் நொடியில் வலக்கை எங்கே இருக்கிறது என்பதையும் மட்டும் பார்த்தால் போதும். பையனையும் கூட உட்கார வையுங்கள். தாமதமாக வருவது தன் கைதான், தன் புத்தி அல்ல என்று அவன் கண்ணால் பார்க்கட்டும்.

அடுத்த அளவு செப்டம்பர் முதல் வாரத்தில். 163 செ.மீ.க்கு மேல் போயிருந்தால் முப்பத்தாறு பந்தில் அப்படியே நில்லுங்கள். 162ஐ ஒட்டி நின்று, சட்டையும் தோளில் பிடிக்க ஆரம்பித்திருந்தால், வாரத்துக்கு ஓர் ஓவர் வீதம் கூட்டத் தொடங்கலாம். முதுகில் வலி இல்லை என்பதை அவனிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு கூட்டுங்கள்.